தெருவில் நின்று பேசினாலும் குரல் தெளிவாகப் போய்ச் சேர: மைக், இரைச்சல் நீக்கம் பற்றிய கேள்வி பதில்கள்

ஏஎன்சி உள்ள இயர்பட்ஸ் வாங்கினேன். எனக்குச் சாலைச் சத்தமே கேட்பதில்லை. எதிர்முனையில் இருப்பவரோ "எங்கே நின்று பேசுகிறாய், ஒன்றும் புரியவில்லை" என்கிறார். பழுதா?

பழுதில்லை. ஏஎன்சி என்பது உங்கள் காதுக்கான வசதி. வெளியே உள்ள மைக் சாலையின் ஒலியைப் பிடிக்கிறது. அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் எழுப்புகிறது. இரண்டும் காதுக்குள் சந்தித்து ஒன்றையொன்று அழிக்கின்றன. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இவ்வளவும் நடப்பது உங்கள் காதுத் துளைக்குள். எதிர்முனைக்குப் போகும் ஒலியை அது தொடுவதே இல்லை.

உங்கள் குரலிலிருந்து இரைச்சலைப் பிரித்து அனுப்புவது வேறு வேலை. பெட்டிகளில் அதை இஎன்சி என்று அச்சிடுகிறார்கள். "40 டெசிபல் இரைச்சல் நீக்கம்" என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது ஏறக்குறைய எப்போதும் ஏஎன்சி பற்றியது. அழைப்பின் தரத்தை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றிலும் சத்தம் கேட்டால் மனிதர்கள் தம்மை அறியாமலேயே குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் விவரித்ததால் இதற்கு லொம்பார் விளைவு என்று பெயர். ஏஎன்சி காதை அடைத்துவிட்டால் அந்த உந்துதலும் குறைந்துபோகிறது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு படுக்கையறையில் பேசுவது போன்ற குரலில் பேசுகிறீர்கள். அழைப்பின்போது ஏஎன்சியை அணைத்துவிட்டு வெளிச்சத்தம் கேட்கும் முறைக்கு மாற்றினால், எதிர்முனையில் குரல் தெளிவது பலருக்கு உடனே தெரியும்.

என் போனில் கீழே ஒரு மைக் துளை, மேலே ஒரு துளை இருக்கிறது. மேலே இருப்பது எதற்கு? வாய் கீழேதானே இருக்கிறது?

வாய் கீழே இருப்பதால்தான் அது மேலே இருக்கிறது. அதன் வேலை தெருவைக் கேட்பது.

போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தால் கீழ் மைக்குக்கும் வாய்க்கும் இடையே சுமார் 6 செ.மீ. இருக்கும். மேல் மைக்குக்குச் சுமார் 18 செ.மீ. ஒலி தூரத்தோடு குறையும். தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் போய்விடும். இங்கே மூன்று மடங்கு என்பதால், உங்கள் குரல் மேல் மைக்கில் 9 டெசிபலுக்குச் சற்று அதிகமாகக் குறைந்து ஒலிக்கும். இப்போது 5 மீட்டரில் நிற்கும் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து இரண்டு மைக்குகளுக்கும் உள்ள தூர வேறுபாடு மிஞ்சிப்போனால் 12 செ.மீ. ஐந்து மீட்டரில் 12 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை. அளவில் 0.2 டெசிபல் வேறுபாடுதான் வரும்.

போனுக்கு வேண்டிய துப்பு இதுவே. ஒவ்வொரு சில மில்லிநொடிக்கும், ஒவ்வொரு அதிர்வெண் பட்டையிலும், மென்பொருள் இரண்டு மைக்குகளையும் ஒப்பிடுகிறது. கீழே பலமாகவும் மேலே மெலிதாகவும் இருந்தால் அது அருகிலிருந்து வருவது. அதாவது உங்கள் வாய். அதைப் போக விடு. இரண்டிலும் சமமாக இருந்தால் தொலைவிலிருந்து வருவது. அதைக் குறை. ஒலி பேச்சா, ஹாரனா, ஜெனரேட்டரா என்று இந்த முறை யோசிப்பதே இல்லை. அருகா தொலைவா என்று மட்டும் பார்க்கிறது. இதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

நான் போனைக் காதில் வைப்பதில்லை. ஸ்பீக்கரில் போட்டு முகத்துக்கு முன்னால் பிடித்துப் பேசுவேன். அதில் என்ன குறை?

மேலே சொன்ன துப்பு தொலைந்துவிடுகிறது. முகத்திலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் வாயிலிருந்து இரண்டு மைக்குகளும் ஏறக்குறைய சம தூரம். வேறுபாடு ஒரு டெசிபலுக்குள் சுருங்கிவிடும். நீங்களும் பேருந்தும் மென்பொருளுக்கு ஒன்றுபோலவே தெரிவீர்கள்.

அதைவிடப் பெரிய இழப்பு தூரத்தால் வருவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபல் அளவுக்கு இருக்கும். நெரிசலான சந்திப்பு ஒன்றில் சாலையோர இரைச்சல் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம்.

போன் முகத்துக்கு முன்னால் 30 செ.மீ. தொலைவில் இருந்தால் மைக்கை அடையும் குரல் 70 டெசிபல். இரைச்சலைவிட 10 குறைவு. இயர்பட்ஸின் மைக் வாயிலிருந்து 12 செ.மீ. அளவில் இருக்கும், குரல் 78, இரைச்சலைவிட 2 குறைவு. போனைக் காதில் ஒட்டிப் பிடித்தால் கீழ் மைக்கில் 84. இப்போது குரல் 4 டெசிபல் முன்னால் இருக்கிறது. கால் சென்டர்களில் அணிவது போல வாய்க்கு அருகே தண்டு நீட்டிய ஹெட்செட்டில் தூரம் 3 செ.மீ.; குரல் 90, அதாவது 10 டெசிபல் முன்னால்.

இவை தோராயக் கணக்குகள். வாய் ஒரு புள்ளியல்ல, கன்னமும் தலையும் ஒலியை மறைக்கும். சத்தத்தில் நீங்கள் குரலை உயர்த்தியும் பேசுவீர்கள். ஆனால் அந்த உயர்வு நான்கிலும் ஒரே அளவுதான். ஆகவே கைநீட்டிப் பிடித்த போனுக்கும் தண்டு மைக்குக்கும் உள்ள 20 டெசிபல் இடைவெளி அப்படியே இருக்கும். எந்த மென்பொருளும் தொடங்குவதற்கு முன்பே கிடைக்கும் வித்தியாசம் இது.

மென்பொருளுக்கும் இந்தத் தொடக்கப்புள்ளி முக்கியம். குரல் இரைச்சலுக்கு மேலே இருந்தால் அது சுத்தமாகப் பிரிக்கும். இரைச்சலுக்குக் கீழே குரல் மூழ்கிவிட்டால், இரைச்சலை எடுக்கும்போது குரலின் துண்டுகளும் கூடவே போகும். கத்துவதைவிட மைக்கை அருகே கொண்டுவருவது மேல். தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் இலவசமாகக் கிடைக்கிறது, தொண்டையும் தப்பிக்கிறது.

இயர்பட்ஸில் 4 மைக், 6 மைக் என்கிறார்கள். அதிக மைக் என்றால் அதிகத் தெளிவா?

அந்த எண்ணிக்கையை முதலில் பிரித்துப் பாருங்கள். 4 மைக் என்றால் பெரும்பாலும் ஒரு காதுக்கு இரண்டு. 6 என்றால் காதுக்கு மூன்று; அதில் ஒன்று காதுத் துளையை நோக்கி உள்ளே திரும்பியிருக்கும், ஏஎன்சிக்காக. பல மாடல்களில் அழைப்புக்குப் போவது ஒரு பக்கத்து இயர்பட்ஸின் ஒலி மட்டும். ஆகவே உங்கள் குரலுக்காக உண்மையில் உழைப்பது இரண்டு மைக்குகளாக இருக்கலாம்.

அந்த இரண்டும் போனில் இருப்பதுபோல் அருகு தொலைவு பார்க்க முடியாது. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 2 செ.மீ., வாயோ 12 செ.மீ. தள்ளி இருக்கிறது. அளவில் பெரிய வேறுபாடு வராது. எனவே நேரத்தைப் பார்க்கிறார்கள். ஒலி நொடிக்கு 343 மீட்டர் வேகத்தில் போகிறது, 2 செ.மீ. கடக்க ஒரு நொடியை 17,000 பங்காக்கியதில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். வாய்ப் பக்கத்திலிருந்து வரும் ஒலி முன் மைக்கை முதலில் தொட்டு, இந்தச் சிறு தாமதத்தோடு பின் மைக்கைத் தொடும். பின்னாலிருந்து வருவது தலைகீழாக. பின்மைக்கின் ஒலியைச் சரியான அளவு தாமதப்படுத்தி முன்மைக்கிலிருந்து கழித்தால், பின்னாலிருந்து வந்தது அழிந்து, முன்னாலிருந்து வந்தது மிஞ்சும். இயர்பட்ஸிலிருந்து கீழே நீளும் காம்பு இதற்காகத்தான்: இரண்டு மைக்குகளையும் வாயை நோக்கிய ஒரு கோட்டில் நிறுத்துவதற்கு. காதில் அதைச் சாய்த்துச் செருகினால் அந்தக் கோடு தோளையோ சாலையையோ நோக்கும்.

இதற்கு உறுதியான வரம்பும் இருக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வரும் இரைச்சலில், நெருங்கி அமைந்த இரண்டு மைக்குகளால் கிடைக்கும் திசை ஆதாயம் அதிகபட்சம் 6 டெசிபல். கோட்பாட்டு உச்சமே அவ்வளவுதான். நிஜப் பொருளில் அதற்கும் குறைவு.

கீழ் அதிர்வெண்களில் நிலைமை இன்னும் மோசம். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.7 மீட்டர். அதன் முன் 2 செ.மீ. என்பது ஒன்றுமேயில்லை, இரண்டு மைக்குகளும் ஏறக்குறைய ஒரே ஒலியைத்தான் கேட்கின்றன. கழித்தால் குரலும் சேர்ந்து கரைந்துவிடும். மிஞ்சியதைப் பெருக்க வேண்டும், பெருக்கினால் மைக்கின் சொந்தச் சீறலும் பெருகும். லாரி எஞ்சின் உறுமுவது இந்தக் கீழ்ப்பகுதியில்தான் என்பது உங்கள் துரதிருஷ்டம்.

தொடர்ச்சியான எஞ்சின் சத்தம் போய்விடுகிறது. ஹாரன் மட்டும் ஏன் அப்படியே கேட்கிறது?

மென்பொருள் இரைச்சலை எப்படி அடையாளம் காண்கிறது என்பதில் இருக்கிறது விடை. பழைய, இன்றும் பரவலான முறை இது: பேச்சில் இடைவெளிகள் உண்டு, இரைச்சல் தொடர்ந்து இருக்கும். ஆகவே ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கடந்த ஒன்று அல்லது ஒன்றரை நொடியில் ஒலி எவ்வளவு தாழ்ந்தது என்று பார்த்து, அந்தத் தரைமட்டத்தை இரைச்சல் என்று கொள். மின்விசிறி, ஏசி, ஓடிக்கொண்டே நிற்கும் டீசல் எஞ்சின் ஆகியவை இதில் அழகாக மறையும். ஹாரன் அரை நொடியில் வந்து போய்விடும். கணக்கு அதைக் கவனிப்பதற்குள் அது எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்துச் செய்யும் புதிய முறை இவ்வளவு காத்திருப்பதில்லை. அதற்கு வேறு தொல்லை. வண்டி ஹாரனின் அடிப்படை அதிர்வெண் 400, 500 ஹெர்ட்ஸ் அளவில் இருந்து, அதன் மடங்குகள் அடுக்கடுக்காக மேலே போகும். நாம் நீட்டி ஒலிக்கும் ஓர் உயிரெழுத்தின் அமைப்பும் அதே வகைதான். ராகம் போட்டு ஏறி இறங்கும் பல ஸ்தாயி ஹாரன் என்றால் இன்னும் குழப்பம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி 119, அப்படிப்பட்ட ஹாரன்களைத் தடை செய்கிறது. நெடுஞ்சாலைப் பேருந்துகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

போனைக் காதில் ஒட்டிப் பேசும்போது ஹாரன் ஓரளவு அடங்குவதைக் கவனிக்கலாம். இரண்டு மைக் ஒப்பீட்டுக்குக் கற்றுக்கொள்ள நேரம் தேவையில்லை. முதல் கணத்திலேயே அது தொலைவிலிருந்து வருவது என்று தெரிந்துவிடும்.

கோயம்பேட்டில் நின்று பேசினால் பக்கத்துக் கடைக்காரர் கூவுவது என் குரலைவிடத் தெளிவாகக் கேட்கிறதாம். இரைச்சல் நீக்கம் இருந்தும் ஏன்?

அது இரைச்சல் என்று யார் சொன்னது? பேச்சை வைத்துக்கொண்டு மற்றதை எடுப்பதற்காகப் பயிற்றுவித்த மென்பொருளுக்கு, "கிலோ நாற்பது, கிலோ நாற்பது" என்பது முதல் தரமான பேச்சு. ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப ஓடும் பதிவுக் குரலும் அப்படியே. சுற்றியிருந்த வண்டிச் சத்தத்தை எடுத்துவிட்டதால் கடைக்காரர் முன்பைவிடத் துலக்கமாகிவிடுகிறார். தகரக் கூரைக்குக் கீழே எதிரொலி சேர்ந்து எல்லாத் திசையிலிருந்தும் வருவதால், திசை பார்க்கும் இயர்பட்ஸும் தடுமாறும். இரண்டு மைக்குகளால் ஒரு திசையைத்தான் முழுமையாக அடைக்க முடியும்.

சந்தையில் கைகொடுப்பது தூரம்தான். கடைக்காரர் ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறார் என்றால், காதில் பிடித்த போனின் இரண்டு மைக்குகளிலும் அவர் குரல் ஒரு டெசிபல் அளவுக்கே வேறுபடும். உங்களுடையது 9. பேச்சா இல்லையா என்று பார்க்காத முறை என்பதால் அவரையும் தாராளமாகக் குறைக்கும். சில விலையுயர்ந்த இயர்பட்ஸில் வேறொரு வழி இருக்கிறது. தாடை, காதெலும்பின் அதிர்வை உணரும் சிறு உணரி ஒன்று உள்ளே இருக்கும். நீங்கள் பேசினால் மட்டுமே அது அசையும். கடைக்காரர் எவ்வளவு கூவினாலும் உங்கள் எலும்பு அதிராது. எலும்பு வழியே வருவது கீழ் அதிர்வெண்கள் மட்டும் என்பதால், "ச", "ஸ" போன்ற ஒலிகளை மைக்கிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். ஆனாலும் எப்போது பேசுகிறீர்கள் என்பதை அது நிச்சயமாகச் சொல்லிவிடுகிறது. நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் வேளையில் மைக்கை அடக்கிவைக்க அது போதும்.

ஐபோனில் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் சென்டரைத் திறந்து `Voice Isolation` என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஐஓஎஸ் 16.4 முதல் சாதாரண அழைப்புக்கும் அது கிடைக்கிறது.

பைக்கில் போகும்போது எதிர்முனையில் "புர்ர்" என்ற சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

ஓட்டிக்கொண்டே பேசாதீர்கள் என்பதுதான் முதல் பதில். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டாவது பதில்: அது சாலைச் சத்தம் அல்ல, காற்று. மைக் துளையில் காற்று மோதிச் சுழலும்போது அங்கேயே பிறக்கும் அழுத்தம். அருகருகே உள்ள இரண்டு மைக்குகளிலும் அது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கும். கழித்து நீக்கும் முறைக்குப் பொதுவான ஒலி வேண்டும். இங்கே கழித்தால் இரண்டு காற்றும் கூடிக்கொள்ளும். நல்ல கருவிகள் இதைக் கண்டுகொண்டு திசை முறையைக் கைவிட்டு, காற்றுக் குறைவாகப் படும் ஒரே மைக்குக்கு மாறும். வெளியில் செய்யக்கூடியது, துளைக்குக் காற்றுப் படாமல் மறைப்பதுதான். பஞ்சு உறை போட்ட மைக் இங்கே எந்த மென்பொருளையும் வெல்லும்.

சில நாட்களாகக் காதில் வைத்துப் பேசினால் என் குரல் விட்டு விட்டுக் கேட்கிறதாம். ஸ்பீக்கரில் போட்டால் சரியாக இருக்கிறதாம். நெட்வொர்க் பிரச்சினையா?

நெட்வொர்க் என்றால் இரண்டிலும் விட்டுப்போகும். கீழ் மைக் துளையைப் பாருங்கள். தூசியோ மாவோ அடைத்திருந்தால், கீழ் மைக்கில் குரல் மெலிந்து மேல் மைக்கின் அளவுக்கு இறங்கிவிடும். இரண்டும் சமம் என்றால் தொலைவு, தொலைவு என்றால் குறை. விதி மாறவில்லை, இப்போது அது வெட்டுவது உங்களை. ஸ்பீக்கர் முறையில் பல போன்கள் இந்த ஒப்பீட்டைத் தளர்த்திவிடுவதால் அங்கே சரியாகக் கேட்கும்.

எதிர்த் தவறும் நடக்கும். கவர் மேல் துளையை மூடியிருந்தால் அல்லது உங்கள் விரல் அங்கே படிந்தால், தெருவைக் கேட்கும் மைக் செவிடாகிவிடும். அப்போது குரல் வெட்டுப்படாது, ஆனால் தெரு முழுவதும் எதிர்முனைக்குப் போகும். கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பேசிப் பார்த்தாலே தெரிந்துவிடும். துளைக்குள் ஊசி விடாதீர்கள். உள்ளே இருப்பது மெல்லிய சிலிக்கான் சவ்வு. உலர்ந்த மென்மையான தூரிகை போதும்.

வாங்கும்போது கடையிலேயே எப்படிச் சோதிப்பது? ரெக்கார்டரில் பதிவு செய்து கேட்டால் போதுமா?

போதாது. குரல் பதிவுச் செயலிகள் பல, அழைப்புக்கான இரைச்சல் நீக்கத்தின் வழியே போவதில்லை. மைக்கின் ஒலியை நேரடியாக எடுக்கின்றன. உண்மையான அழைப்பு ஒன்றுதான் சோதனை. கடைக்கு வெளியே சாலையோரம் வந்து, அமைதியான இடத்தில் இருக்கும் ஒருவரை அழையுங்கள். அவரிடம் "கேட்கிறதா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் கேட்கிறது என்றே சொல்வார்கள். பத்து இலக்க எண் ஒன்றைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் சற்று நேரம் பேசாமல் இருங்கள். அப்போது சாலை எவ்வளவு கேட்கிறது என்று விசாரியுங்கள். பேசும்போது மட்டும் இரைச்சல் பொங்கி, பேச்சை நிறுத்தியதும் மயான அமைதி வந்தால், அது நீக்கவில்லை. ஒலி போகும் வாசலைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

இரைச்சல் இல்லாத அறையிலும் புளூடூத் ஹெட்செட் போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதாம்.

இது இரைச்சல் நீக்கத்தின் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். புளூடூத் அழைப்பில் பழைய குறியீட்டு முறை பிடித்துக்கொண்டால் 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் போகாது. "ச", "ஸ", "ஃப்" போன்ற ஒலிகளின் கூர்மை அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. எம்எஸ்பிசி என்ற அகலப்பட்டை முறை இருந்தால் 7 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். ஹெட்செட், போன் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். விவரத் தாளில் அகலப்பட்டைப் பேச்சு, எச்டி வாய்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இணையவழிக் கூட்டத்துக்கான செயலியிலும் இரைச்சல் நீக்கம், ஹெட்செட்டிலும் இரைச்சல் நீக்கம் என்றால் ஒன்று வெட்டியதை மற்றொன்று மறுபடி வெட்டும். செயலியில் இருப்பதை அணைத்துப் பாருங்கள்.

நான் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுவதும் தெருவில்தான் அழைப்பு. பழைய வயர் இயர்போன் போதுமா?

விலைக்கு அதுவே மோசமில்லை. அதன் மைக் ஒன்றே ஒன்று, எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும். அதைச் செருகியதும் பெரும்பாலும் போனின் சொந்த மைக்குகள் ஒதுங்கிவிடும். ஆனால் அது கையில் பிடிக்கக்கூடிய மைக். தொங்கவிட்டால் சட்டையில் உரசும், வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளி நிற்கும். பேசும்போது அந்தச் சிறு குமிழை எடுத்து வாயோரத்தில், உதட்டிலிருந்து இரண்டு விரல் அகலத்தில் பிடியுங்கள். வாய்க்கு நேரெதிரே வேண்டாம். "ப", "ட" சொல்லும்போது வெடிக்கும் மூச்சு மைக்கில் அடிக்கும். கை ஒழியாது என்றால், தண்டு மைக் உள்ள ஒற்றைக் காது ஹெட்செட் வாங்குங்கள். ஒரு காது திறந்திருப்பதால் பின்னால் வரும் வண்டியும் கேட்கும்.